மூன்று வருட லீஸ், இருபத்திரண்டு மாத வேலை

வேலூர்ப் பக்கத்தில் லீஸ் என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு வீட்டை லீஸுக்கு எடுத்தால் சில லட்சங்களை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவோம். மாத வாடகை கிடையாது. இரண்டு மூன்று வருடம் குடியிருந்துவிட்டுச் சாவியை ஒப்படைக்கும் நாளில் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும். பெரியவர்கள் இதைப் போக்கியம் என்பார்கள்.

அதனால்தான், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்கு மூன்று வருட வேலையாகப் போன தன் மகன் 3,000 டாலர் கட்டி ஒரு காரை லீஸுக்கு எடுத்திருக்கிறான் என்று தெரிந்தபோது, என் அக்கா அந்தப் பணத்தை எங்கும் போகாத பணமாகவே மனத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். "திரும்பி வரும்போது அந்த மூவாயிரமும் கைக்கு வந்துவிடும், இல்லையா தம்பி?" என்று என்னிடம் கேட்டாள். வங்கியில் வாகனக் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஆனாலும் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையிடம் அதன் நகலை அனுப்பச் சொல்லி, காட்பாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து வரி வரியாகப் படித்தேன். அந்த மூவாயிரம் திரும்பாது. அதோடு நிற்கவில்லை, அவன் திரும்பும் தேதி மாறினால் இன்னும் சில ஆயிரம் போகும் என்றும் அந்தத் தாளிலேயே இருந்தது. தேதி மாறவும் செய்தது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் முழுக் கணக்கையும் எழுதுகிறேன். தொகைகளை டாலருக்குச் சுற்றித் தருகிறேன்.

முதலில், அங்கே கார் லீஸ் என்பது என்ன என்று பார்ப்போம். காரின் விலையை மூன்று வருடத்தில் அது இழக்கும் பகுதி, மூன்று வருடம் கழித்து மிஞ்சும் பகுதி என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் பகுதிக்கு எச்ச மதிப்பு என்று பெயர். அதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். நாம் கட்டுவது இழக்கும் பகுதியையும், முழுப் பணத்தின் மீதான வட்டியையும் மட்டும்தான். முடிவில் காரை ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம். சந்தையில் கார் விலை சரிந்துவிட்டால் அந்த நட்டம் லீஸ் நிறுவனத்துடையது. லீஸின் உண்மையான நன்மை இதுதான், இதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

மாப்பிள்ளை எடுத்தது ஒரு நடுத்தர செடான் கார். அட்டை விலை 26,000. பேசி முடித்தது 25,000. லீஸ் நிறுவனத்தின் தொடக்கக் கட்டணம் 700 சேர்ந்து 25,700 ஆனது. அதில் இவன் முன்பணம் 3,000 கழிய, கணக்குக்கு வந்த தொகை 22,700. எச்ச மதிப்பு அட்டை விலையில் 58 சதவீதம், அதாவது 15,080. இரண்டுக்கும் நடுவே உள்ள 7,620 டாலரை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 212 வரும்.

வட்டியைத்தான் பிடிபடாத விதத்தில் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் சதவீதமே இல்லை. விற்பனையாளரைக் கேட்டபோது மனி ஃபேக்டர் 0.00250 என்று சொல்லியிருக்கிறார். இதை 2,400-ஆல் பெருக்கினால் வருட வட்டி கிடைக்கும். இங்கே 6 சதவீதம். இந்த 2,400 எங்கிருந்து வருகிறது என்று மாப்பிள்ளை கேட்டான். வட்டி போடும்போது தொடக்கத் தொகையையும் எச்ச மதிப்பையும் கூட்டி அந்த எண்ணால் பெருக்குகிறார்கள். கூட்டுத்தொகை சராசரி நிலுவையைப்போல இரண்டு மடங்கு. எனவே ஒரு 2, மாதத்துக்கு 12, சதவீதத்துக்கு 100; மூன்றையும் பெருக்கினால் 2,400. இவன் காருக்கு 22,700-உம் 15,080-உம் சேர்ந்து 37,780. அதன் மீது மாத வட்டி 94. ஆக மாதம் 306. மிச்சிகனின் 6 சதவீத வரி சேர்ந்து 324.

கடையில் இவன் பார்த்தது இந்த 324 என்ற எண்ணை மட்டும்தான். புதுக் காரைக் கடனில் வாங்கினால் மாதம் 465 ஆகும் என்றார்களாம். 324-ஐயும் 465-ஐயும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் கை ஒரு பக்கமாகத்தான் போகும்.

இப்போது அந்த 3,000. அமெரிக்காவுக்குப் புதிதாகப் போகிறவனுக்கு அங்கே கடன் வரலாறு கிடையாது. இங்கே பதினைந்து வருடம் ஒழுங்காகத் தவணை கட்டியிருந்தாலும் அது அங்கே கணக்கில் ஏறாது. "உங்களுக்கு வரலாறு இல்லை, முன்பணம் கொடுத்தால் ஒப்புதல் வாங்கித் தருகிறேன், மாதத் தவணையும் குறையும்" என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். அதற்கும் 6 சதவீத வரி சேர்ந்து 3,180 டாலரைக் கட்டிவிட்டு வந்தான். உண்மையில் இது முன்கூட்டியே கட்டிய வாடகை. முப்பத்தாறு மாத வாடகையில் ஒரு பகுதியை முதல் நாளே கொடுத்துவிட்டு, மாதம் 96 டாலர் குறைந்தது என்று சந்தோஷப்படுகிறோம்.

இதில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தை மிச்சிகனில் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே குளிர்காலத்தில் சாலை உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். வண்டி எடுத்த இரண்டாம் மாதமே சறுக்கி மோதி கார் தேறாமல் போனால், காப்பீட்டுப் பணம் கார் உரிமையாளருக்குப் போகும். உரிமையாளர் லீஸ் நிறுவனம். நிலுவைக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் இடையே வரும் குறையை ஈடுகட்டப் பெரும்பாலான லீஸ்களில் ஒரு பாதுகாப்பு சேர்ந்தே வருகிறது. ஆனால் நாம் கொடுத்த முன்பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அது காரோடு போய்விடும்.

அக்கா நினைத்த போக்கியப் பணம் அங்கே அடியோடு இல்லாமலும் இல்லை. சில லீஸ் நிறுவனங்கள், முன்பணத்துக்குப் பதிலாகத் திரும்பித் தரும் வைப்புத்தொகையை வாங்கிக்கொள்கின்றன. அதற்காக மனி ஃபேக்டரைச் சற்றுக் குறைப்பவையும் உண்டு. முடிவில் காரை நல்லபடியாக ஒப்படைத்தால் அந்தப் பணம் திரும்ப வரும். எல்லா இடத்திலும் கிடைக்காது, ஆனால் கேட்காதவனுக்கு எங்கும் கிடைக்காது. "முன்பணமாக வேண்டாம், வைப்புத்தொகையாக வாங்கிக்கொள்வீர்களா?" என்ற ஒரு கேள்வியை மாப்பிள்ளை அன்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

இருபத்திரண்டாவது மாதம் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. வாடிக்கையாளர் திட்டத்தை நிறுத்திவிட்டார். ஐந்து வாரத்தில் இந்தியா திரும்ப வேண்டும். தவறு யார் பேரிலும் இல்லை. இப்படிப்பட்ட வேலைகளில் இது வழக்கமாக நடப்பது. விசா மூன்று வருடத்துக்கு என்று கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும். ஆனால் அது இருக்கலாம் என்ற அனுமதிதானே தவிர, இருப்பாய் என்ற உறுதி இல்லை. லீஸ் ஒப்பந்தத்துக்கோ மூன்று வருடம் என்றால் மூன்று வருடம்தான். ஒன்று நெகிழும், மற்றது நெகிழாது. என் கருத்தில் இந்த முழு விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. லீஸா வாங்குவதா என்று கேட்பவர்கள் மாதத் தவணையை ஒப்பிடுகிறார்கள். திரும்பும் தேதி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அங்குள்ள சட்டம் இதை மறைக்க விடவில்லை. 1976-இல் வந்த நுகர்வோர் லீஸ் சட்டத்தின் கீழ், முன்கூட்டியே முடித்தால் கணிசமான கட்டணம் வரலாம், அது பல ஆயிரம் டாலர் வரை போகலாம் என்ற எச்சரிக்கையை ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். மாப்பிள்ளையின் தாளிலும் அது கட்டம் கட்டி இருந்தது. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அவன் சுருக்கொப்பம் போட்டிருந்தான். இராணுவத்தில் இருப்பவர்கள் சில வகை இடமாற்றம் வந்தால் கட்டணம் இல்லாமல் லீஸை முறித்துக்கொள்ள அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. வேலை விசாவில் இருப்பவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஐந்து வாரத்தில் மூன்று வழிகளைப் பார்த்தோம். காட்பாடியில் இரவு ஒன்பதரை என்றால் அவனுக்கு மதியம். தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அழைப்பான்.

முதல் வழி, காரைத் திருப்பிக் கொடுப்பது. முன்கூட்டிய முடிவுக்கான கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். தொலைபேசியில் சொல்வதை நம்பக்கூடாது. அன்றைய நிலுவை 18,200. காரை அவர்கள் மொத்த ஏலத்தில் விற்பார்கள். வரும் பணத்தை இதில் கழிப்பார்கள். குறையும் தொகையோடு 400 டாலர் முடிவுக் கட்டணமும் இவன் கட்ட வேண்டும். அக்கம்பக்கத்துக் கார்க் கடைகளில் அவனே விலை கேட்டுப் பார்த்தான். அதிகபட்சம் 16,300 சொன்னார்கள். ஏலத்தில் அதே விலை கிடைத்தால்கூட 1,900-உம் 400-உம் சேர்ந்து 2,300 டாலர் கையை விட்டுப் போகும். வேறு சில ஒப்பந்தங்களில் மீதி மாதத் தவணை முழுவதையும் கட்டச் சொல்வார்கள். இவனுக்கு அப்படி இருந்திருந்தால் 14 மாதத்துக்கு 4,500-க்கு மேல் ஆகியிருக்கும். எந்த வகை ஒப்பந்தம் என்பது கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டிய வரி.

ஏன் இந்தக் குறை வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புதுக் கார் முதல் வருடத்தில்தான் மிக அதிகமாக விலை இழக்கும். லீஸ் தவணையோ மூன்று வருடத்துக்கும் ஒரே அளவு. எனவே பாதி வழியில் பார்த்தால், கார் இழந்த மதிப்பு நாம் கட்டியதைவிட முன்னே ஓடியிருக்கும். கடைசி மாதங்களில்தான் நாம் அதை எட்டிப் பிடிக்கிறோம். நடுவில் இறங்குகிறவன் அந்த இடைவெளியைக் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும்.

இரண்டாவது வழி, காரை நாமே வாங்கி வெளியே விற்பது. நிலுவைத் தொகையைக் கட்டினால் கார் நம்முடையது. ஆனால் வாங்கும்போது அந்த 18,200 மீது மிச்சிகன் வரி 6 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 1,100 டாலர் ஆகும். பத்திரம் நம் பெயருக்கு வரவும் நாள் பிடிக்கும். ஐந்து வாரத்தில் ஒன்றரை வாரம் போய்விட்டிருந்தது. இந்த வழியை ஒரே இரவில் விட்டுவிட்டோம். காரை இங்கே கொண்டு வந்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். இறக்குமதி செய்யும் காருக்கு வலப்பக்கம் வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்தப் பேச்சும் முடிந்தது.

மூன்றாவது வழி, லீஸை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது. எல்லா நிறுவனமும் அனுமதிக்காது. இவன் ஒப்பந்தம் அனுமதித்தது: மாற்றுக் கட்டணம் 500, புதியவரின் கடன் தகுதியை அவர்களே சோதிப்பார்கள். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. புதியவர் தவணை தவறினால் பழையவரும் பொறுப்பு என்று ஒரு வரி. இந்தியாவுக்கு வந்த பிறகும் 14 மாதம் அந்தப் பொறுப்பு தலைக்கு மேல் தொங்கும்.

எடுத்துக்கொள்ள ஆள் எப்படிக் கிடைத்தது என்பதை விரிவாகவே சொல்கிறேன். காரின் ஓட்டமானியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 17,412 மைல். ஒப்பந்தப்படி வருடத்துக்கு 12,000, மூன்று வருடத்துக்கு 36,000 மைல் ஓட்டலாம். மீறினால் மைலுக்கு 20 சென்ட். இவன் வீடு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் குறைவாகத்தான் ஓட்டியிருக்கிறான். ஓட்டாத மைலுக்கு நிறுவனம் ஒரு சென்ட் கூடத் திருப்பித் தராது. ஆனால் அடுத்து எடுப்பவருக்கு அது சொத்து: மீதி 18,588 மைல், மாதத்துக்கு 1,300-க்கு மேல். தினமும் நீண்ட தூரம் ஓட்டி வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயம். அவன் அலுவலகத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார், ஆம்பூர்க்காரர், குடும்பத்தோடு தொலைவில் வீடு எடுத்திருந்தவர். விளம்பரத்தில் மாதம் 324 என்பதைவிட மாதம் 1,300 மைல் என்பதை முதலில் எழுதச் சொன்னேன். அவர் அதைப் பார்த்துத்தான் வந்தார்.

வண்டியை ஒப்படைக்கும் முன் வலப்பக்க முன்சக்கர ரிம்மில் நடைபாதை விளிம்பு உரசிய தடம் ஒன்று இருந்தது, ஒரு விரல் நீளத்துக்கு. கடைசி நாள் சோதனையில் இதற்குப் பணம் கேட்பார்கள். அது இருவரில் யார் கணக்கு என்று வாய்ப்பேச்சில் விடாமல், எல்லாப் பக்கமும் தேதியோடு படம் எடுத்து, ரிம் செலவு தன்னுடையது என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தான். நல்ல நட்பில் இருப்பவர்கள்தான் இப்படி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டால் நட்பு மிஞ்சும்.

இப்போது மொத்தக் கணக்கு. முதல் நாள் 3,180. இருபத்திரண்டு தவணைக்கு 7,139. மாற்றுக் கட்டணம் 500. கூட்டினால் 10,819. மாதத்துக்கு 492 டாலர். 324 டாலர் கார் என்று நினைத்து ஓட்டியது உண்மையில் 492 டாலர் கார். முன்பணத்தில் மீதி 14 மாதத்துக்கான பங்கு 1,237 டாலர், புதியவரின் குறைந்த தவணையாக அவருக்குப் போய்விட்டது. அதைக் கேட்டு வாங்கலாமா என்று அவன் கேட்டான். நியாயப்படி கேட்கலாம். ஆனால் நாள் நெருங்கும்போது பேரம் பேசும் பலம் நம்மிடம் இல்லை. கேட்க வேண்டாம் என்றேன்.

அதே 3,000 முன்பணத்தோடு புதுக் காரை 7 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனில் வாங்கியிருந்தால்? அதையும் போட்டுப் பார்த்தேன். 22 மாதத்தில் கட்டியது 13,237. மீதிக் கடன் 15,819. கடைக்காரருக்கு 16,300-க்கு விற்றால் கையில் 481 மிஞ்சும். நிகரச் செலவு 12,756, மாதம் 580. லீஸைவிட மோசம். சில வருடத்துக்கு மட்டும் என்றால் புதுக் காரை வாங்குவது எந்தக் கணக்கிலும் நிற்கவில்லை.

நின்றது மூன்றாவது கணக்கு. போன புதிதில் அவன் விசாரித்துவிட்டு, பழைய வண்டி எதற்கு என்று ஒதுக்கிய ஒரு நான்கு வயதுக் கார். விலை 14,500, வரியோடு 15,370. கையிலிருந்து 4,370 போட்டு, 11,000-ஐ 10 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்கு எடுத்திருக்கலாம். கடன் வரலாறு இல்லாதவனுக்கு வட்டி கூடத்தான் இருக்கும். தவணை 279. இருபத்திரண்டு மாதம் கழித்துக் கடைக்கு 10,500-க்கு விற்றால், மீதிக் கடன் 6,498 போகக் கையில் 4,002. டயர், பேட்டரி, பிரேக் என்று 1,500 டாலரை ஒதுக்கினாலும் மொத்தச் செலவு 8,006, மாதம் 364. லீஸுக்கு ஆனதைவிட 2,800 டாலர் குறைவு. காரணம் எளியது: செங்குத்தாகச் சரியும் முதல் வருடங்களை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே தாங்கிவிட்டார்.

பழைய காரில் கவலை வேறு. கடன் இருக்கும்வரை கார்ப் பத்திரத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். தனிநபருக்கு விற்றால் நல்ல விலை வரும், ஆனால் அவர் பத்திரம் சுத்தமாக வேண்டும் என்பார். கடனை அடைத்து அந்தப் பெயரை நீக்கச் சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகும். எனவே திரும்பும் பேச்சு அடிபடத் தொடங்கியதுமே மீதிக் கடனை அடைத்துப் பத்திரத்தைக் கையில் வாங்கி வைத்துவிட வேண்டும். மிச்சிகன் காரென்றால் இன்னொன்று: சாலையில் பனி உருகத் தூவும் உப்பு அடிப்பாகத்தைத் தின்னும். பணம் கொடுக்கும் முன் வெளி மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, பிரேக் குழாய்களையும் அடிச்சட்டத்தையும் பார்க்க வேண்டும். மேலே மினுமினுக்கும் காரின் அடியில் துரு செதில் செதிலாக உதிரும்.

லீஸ் யாருக்குப் பொருந்தும் என்றும் மாப்பிள்ளை கேட்டான். திரும்பும் தேதி எழுத்தில் உறுதியானவருக்கு, அல்லது முன்கூட்டி அழைத்தால் லீஸை முறிக்கும் செலவைக் கம்பெனி ஏற்கும் என்று பணி ஆணையில் ஒரு வரி வாங்கக்கூடியவருக்கு. இரண்டும் இல்லாவிட்டால், 36 மாதத்துக்குப் பதில் 24 மாத லீஸை எடுத்து, தேவைப்பட்டால் மாதம் மாதமாக நீட்டிக்க அனுமதி உண்டா என்று கேட்கலாம். தவணை கூடத்தான் இருக்கும். ஆனால் கழுத்தில் இருக்கும் கயிறு குட்டையாக இருக்கும்.

மாப்பிள்ளை ஊர் திரும்பிப் பதினான்கு மாதமும், ஒவ்வொரு மாதமும் தவணை கட்டிய ரசீதை ஆம்பூர்க்காரர் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியாகச் சோதனை அறிக்கை வந்தது: ரிம்முக்கு 125 டாலர், வேறு குறை இல்லை. ஒப்புக்கொண்டபடி அந்த 125-ஐ இவன் அன்றே அனுப்பினான். ஒரு வாரத்தில் கணக்கு முடிந்தது என்ற மின்னஞ்சல் லீஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அதை அச்செடுத்து, பழைய ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்து அக்கா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம்.